கோபமாக வந்த மெசேஜுக்கு இப்போதே பதிலா, காலையிலா?

"வீட்டிலேயே ப்ளவுஸ் தைக்கிறேன், ஆரி வேலையும் செய்கிறேன். நேற்று ராத்திரி 11 மணிக்கு ஒரு கஸ்டமர் வாட்ஸ்அப்பில் ஏழெட்டு மெசேஜ் போட்டுத் திட்டிவிட்டார். சொன்ன தேதிக்கு ரெண்டு நாள் கழித்துக் கொடுத்தேன், அது என் தப்புதான். அதற்காக 'ஏமாத்துக்காரி' என்று சொன்னதைத் தாங்க முடியவில்லை. ப்ளூ டிக் விழுந்துவிட்டது, இன்னும் பதில் போடவில்லை. உடனே போட்டிருக்க வேண்டுமா? இப்போது என்ன எழுதுவது?"

நேற்று ராத்திரி போடாமல் விட்டது சரிதான். ஆனால் இன்று மத்தியானம் வரை அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் 19 வருஷமாகத் தையல் கடை நடத்துகிறேன். முன்பெல்லாம் கோபம் வந்தால் கஸ்டமர் நேராகக் கடைக்கு வந்து சத்தம் போடுவார், முகத்தைப் பார்ப்போம், ஒரு டம்ளர் தண்ணீர் கொடுப்போம், ப்ளவுஸை மேஜைமேல் விரித்துப் பார்ப்போம், பத்து நிமிஷத்தில் ஏதோ ஒரு வழி பிறந்துவிடும். ராத்திரி மெசேஜில் முகமும் இல்லை, துணியும் இல்லை, எழுத்து மட்டும்தான் இருக்கிறது. அதனால் அதற்குப் பதில் எழுதுவதைத் தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

உடனே பதில் போடுவதா வேண்டாமா என்பதை நான் ஒரே ஒரு விஷயத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறேன். அந்த மெசேஜுக்குள் ஏதாவது கெடு இருக்கிறதா? நான் காலை வரை பதில் போடாவிட்டால் அவருக்கு ஏதாவது கைநழுவிப் போகுமா? போகும் என்றால் அந்தக் கெடு சம்பந்தப்பட்டதற்கு மட்டும் உடனே பதில். மற்றதெல்லாம், திட்டு, பழி, பணம், யார் தப்பு என்பது, எல்லாம் பிறகு. கெடு எதுவும் இல்லை என்றால் ராத்திரியில் ஒரு எழுத்துகூட வேண்டாம். அவர் எவ்வளவு சூடாக எழுதியிருக்கிறார் என்பதை இதில் நான் கணக்கில் எடுப்பதில்லை. ரொம்ப அமைதியாக வந்த மெசேஜில் அவசரம் இருக்கும், கொதித்து வந்த மெசேஜில் அவசரமே இருக்காது. உங்களுக்கு வந்தது இரண்டாவது வகை. ப்ளவுஸ் அவர் கைக்குப் போய்விட்டது, விசேஷமும் முடிந்திருக்கும், ராத்திரி 11 மணிக்கு நீங்கள் பதில் போட்டிருந்தால் மாறப்போவது எதுவும் இல்லை.

கெடு இருந்த ஒரு மெசேஜை எப்படிக் கையாண்டேன் என்று முழுவதும் சொல்கிறேன், உங்களுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 10.40. பத்து வருஷமாக என்னிடம் தைக்கிற ஒரு அக்கா. அவர் மகளின் நிச்சயதார்த்தத்துக்கு அவருக்கே ரா சில்க்கில் கை முழுக்க ஆரி வேலை செய்த ப்ளவுஸ் கொடுத்திருந்தேன். வந்த மெசேஜ் இது:

"என்ன தச்சிருக்கீங்க? கை ஏறவே இல்ல. 3200 ரூபா வாங்கிட்டு இப்படித்தான் தருவீங்களா? ஞாயித்துக்கிழமை காலைல நிச்சயம். உங்கள நம்பினது என் தப்பு. காச திருப்பிக் கொடுங்க. எல்லா குரூப்லயும் போடத்தான் போறேன்."

படித்தவுடன் எனக்கும் குப்பென்று ஏறியது. அவர் சாட்டிலேயே பதிலை அடிக்க ஆரம்பித்தேன். "நீங்க கொடுத்த அளவு ப்ளவுஸ்படிதான் தச்சேன். அது ரெண்டு வருஷம் முன்னாடி தச்சது. இடையில உடம்பு போட்டிருந்தா அதுக்கு நான் என்ன பண்ண முடியும்? புது அளவு எடுக்க வாங்கன்னு அப்பவே சொன்னேனே." அடித்தேன், அழித்தேன், மறுபடி அடித்தேன், பத்து நிமிஷம் இப்படிப் போனது. அந்தப் பத்து நிமிஷமும் அவர் திரையில் நான் டைப் செய்கிறேன், நிறுத்துகிறேன், டைப் செய்கிறேன் என்று காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. "என்ன யோசிச்சு யோசிச்சு அடிக்கிறீங்க, என்ன பொய் சொல்றதுன்னா?" என்று அடுத்த மெசேஜ் வந்துவிட்டது. அன்றிலிருந்து கோபமான மெசேஜுக்கு அந்த சாட்டில் வைத்து எழுதுவதே இல்லை. போனில் இருக்கிற நோட்ஸில் எழுதுவேன், இல்லையென்றால் வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொள்கிற வசதி இருக்கிறதே, அதில். எழுதி முடித்து, படித்துப் பார்த்து, அங்கிருந்து காப்பி செய்து ஒட்டுவேன். அனுப்பிவிட்டுத் திருத்திக்கொள்ளலாம் என்றும் நினைக்க வேண்டாம். 15 நிமிஷத்துக்குள் திருத்தலாம்தான், ஆனால் திருத்தியது என்று பக்கத்திலேயே காட்டும். எல்லோருக்கும் அழித்தால் அழித்த தடம் நிற்கும், அதற்குள் அவர் நோட்டிஃபிகேஷனில் முழுதும் படித்தும் இருப்பார். அழித்த மெசேஜ் ஒன்று திரையில் நின்றால் அதில் என்ன இருந்திருக்கும் என்று அவர் கற்பனை செய்வது நாம் எழுதியதைவிட மோசமாகத்தான் இருக்கும்.

சரி, மெசேஜுக்கு வருவோம். அதை நான் பிரித்துப் பார்த்தேன், தையல் பிரிப்பது மாதிரிதான். கை ஏறவில்லை என்பது நடந்த விஷயம். ஞாயிறு காலை என்பது கெடு. காசைத் திருப்பிக் கொடு என்பது கேட்கிற விஷயம். நம்பினது தப்பு என்பது மனவேதனை. குரூப்பில் போடுவேன் என்பது பயமுறுத்தல். ஐந்தும் ஒரே மூச்சில் வந்திருக்கின்றன, ஆனால் ஐந்துக்கும் அந்த ராத்திரியே பதில் தேவையில்லை. முதல் இரண்டுக்கு மட்டும்தான் தேவை. மூன்றாவதை நான் பார்த்துவிட்டேன், ஒளியவில்லை என்று தெரிந்தால் போதும். நான்காவதும் ஐந்தாவதும் பதிலுக்காக எழுதப்பட்டவையே இல்லை. "குரூப்ல போடுங்க, எனக்கு ஒண்ணும் பயமில்ல" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவர் போட்டே தீர வேண்டிய நிலைக்கு வந்துவிடுவார், அதுவரை அது வெறும் பேச்சுதான்.

கடைசியில் நான் அனுப்பியது:

"அக்கா, மெசேஜ் பார்த்தேன். நிச்சயத்துக்கு ஒரு நாள்தான் இருக்கு, இந்த நேரத்துல கை ஏறலேன்னா எப்படி இருக்கும்னு புரியுது. உள்ளே ஒரு ஓரத்துக்கு அரை இஞ்ச் துணி விட்டிருக்கேன், பிரிச்சா கை சுத்தளவுல ஒரு இஞ்ச் கிடைக்கும். நாளைக்குக் காலைல 9 மணிக்கு அந்த ப்ளவுஸையும் அளவு ப்ளவுஸையும் எடுத்துட்டு வாங்க, வர முடியலேன்னா நானே ஆள் அனுப்பி வாங்கிக்கறேன். சாயங்காலம் 5 மணிக்குள்ள நீங்க போட்டுப் பார்த்து எடுத்துட்டுப் போகலாம். காசு விஷயமும் பேசலாம், நான் மறக்க மாட்டேன். முதல்ல நிச்சயத்துக்கு ப்ளவுஸ் தயாராகட்டும்."

இதில் "யார் தப்பு" என்பது பற்றி ஒரு வார்த்தை இல்லை என்பதைக் கவனியுங்கள். "என் தப்புதான், மன்னிச்சிடுங்க" என்றும் இல்லை, "உங்க அளவு ப்ளவுஸ்தான் பழசு" என்றும் இல்லை. துணியைப் பார்க்காமல் எனக்கே தெரியாத விஷயம் அது. மனசுக்குள் அவர் உடம்பு போட்டுவிட்டார் என்று நூறு சதவீதம் நிச்சயமாக இருந்தேன். மறுநாள் காலை அவர் வந்து, இரண்டு ப்ளவுஸையும் மேஜைமேல் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்த்தால், உடம்பில் பெரிய வித்தியாசம் இல்லை, அளவு ப்ளவுஸ் அவருக்கு இன்னும் சரியாகவே இருந்தது. விஷயம் என்னவென்றால், அளவு ப்ளவுஸ் லைனிங் இல்லாத காட்டன், கொஞ்சம் இழுத்தால் கொடுக்கும். புதியது ரா சில்க், உள்ளே லைனிங், மேலே நெருக்கமான ஆரி வேலை. ஆரி வேலை அடர்த்தியாகப் போட்டால் துணி கொஞ்சம் உள்வாங்கும், விறைப்பாகவும் ஆகிவிடும், அப்படிப்பட்ட கைக்கு அளவைவிடக் கூடுதலாக லூஸ் விட்டு வெட்ட வேண்டும். நான் விட்டது போதவில்லை. அதாவது தப்பு பெரும்பாலும் என் பக்கம். அந்த ராத்திரி "உடம்பு போட்டிருந்தா நான் என்ன பண்றது" என்று அனுப்பியிருந்தால், ஒரு அம்மாவைப் பார்த்து அவர் மகள் நிச்சயம் நெருங்கின நேரத்தில் சொல்லக்கூடாததையும் சொல்லி, பொய்யையும் எழுத்தில் கொடுத்திருப்பேன், அதையே அவர் எல்லாக் குரூப்பிலும் போட்டிருப்பார்.

யார் தப்பு என்ற பேச்சை நான் எப்போதும் தள்ளிப்போடுவது இதனால்தான். கோபம் ஆறட்டும் என்பது ஒரு காரணம், ஆனால் அதைவிடப் பெரிய காரணம் ராத்திரி 11 மணிக்கு நம் கையில் ஆதாரம் இல்லை என்பது. ப்ளவுஸ் அவர் வீட்டில், பில் புத்தகம் கடையில், அளவு எழுதின நோட்டு எங்கேயோ. ஞாபகத்தை நம்பி எழுதுகிறோம், கோபத்தில் ஞாபகம் நம் பக்கமே சாயும்.

அடுத்ததாக வார்த்தைகள். இதைப் பற்றி யாரும் சொல்லித்தருவதில்லை, நானும் அடிபட்டுத்தான் கற்றுக்கொண்டேன். தமிழில் சண்டை பெரும்பாலும் திட்டிலிருந்து தொடங்குவதில்லை, ஒட்டிலிருந்து தொடங்குகிறது. "நீங்கதானே சொன்னீங்க", "நான் அப்பவே சொன்னேனே", "அளவு ப்ளவுஸ்படிதான் தச்சேன்", இந்த மூன்றிலும் தகவல் தப்பில்லாமல் இருக்கலாம், ஆனால் அந்தத் தானே, ஏ, தான் மூன்றும் குத்துகின்றன. அதே தகவலை "அளவு ப்ளவுஸ் வச்சு வெட்டினேன், எங்க வித்தியாசம் வந்துச்சுன்னு ரெண்டையும் சேர்த்து வச்சுப் பார்க்கலாம்" என்று எழுதினால் யாருக்கும் சுடாது. நான் எழுதி முடித்ததும் தான், தானே, ஏ எங்கெங்கே விழுந்திருக்கிறது என்று தேடிப் பார்ப்பேன். எடுத்துவிட்டுப் படித்தால் அர்த்தம் கெடாது என்றால் எடுத்துவிடுவேன்.

அதேபோல விளிக்கிற வார்த்தை. பத்து வருஷமாக அக்கா என்று கூப்பிட்டவரை அன்றைக்கு மட்டும் "மேடம்" என்று எழுதினால் அது மரியாதை ஆகாது, கதவைச் சாத்துகிற சத்தம் அது. அவர் கோபத்தில் நீ, வா, போ என்று இறங்கினாலும் நாம் நீங்க, வாங்க என்றே நிற்க வேண்டும், எப்போதும் எப்படிக் கூப்பிடுவோமோ அப்படியே கூப்பிட வேண்டும், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். திடீரென்று "என் செல்ல அக்கா" என்றாலும் நடிப்பாகத்தான் தெரியும். "கோபப்படாதீங்க", "டென்ஷன் ஆகாதீங்க" இரண்டையும் நான் எழுதுவதே இல்லை. அதைப் படித்து யாரும் அமைதியானதை நான் பார்த்ததில்லை. "சரி." என்று ஒற்றை வார்த்தை, கட்டைவிரல் படம், கும்பிடு படம், இவையும் வேண்டாம். நமக்கு அது சுருக்கமான பதில், அவருக்கு அது அலட்சியம்.

எழுத்தில் தொனி போய்ச் சேராது என்பதை 2005-இல் அமெரிக்காவில் ஜஸ்டின் க்ரூகர், நிக்கோலஸ் எப்லி என்ற உளவியல்காரர்கள் தங்கள் குழுவோடு சோதித்துப் பார்த்தார்கள். சில வாக்கியங்களைக் கிண்டலாகவும் சிலவற்றைச் சீரியஸாகவும் சொல்லச் சொல்லி, சிலருக்கு மின்னஞ்சலிலும் சிலருக்குக் குரலிலும் கொடுத்தார்கள். தங்கள் தொனி எதிரே இருப்பவருக்குப் புரிந்துவிடும் என்று எழுதினவர்கள் பெரிதும் நம்பினார்கள். மின்னஞ்சலில் படித்தவர்களோ கண்ணை மூடிக்கொண்டு ஊகிப்பதைவிடக் கொஞ்சம்தான் மேலாகக் கண்டுபிடித்தார்கள். குரலில் நன்றாகவே புரிந்தது. அதனால் நான் சாதாரணமாகத்தான் எழுதினேன் என்ற நம் நினைப்புக்கு எதிர்ப்பக்கத்தில் மதிப்பில்லை. குரலில் புரிகிறது என்பதற்காக உடனே வாய்ஸ் நோட் போட்டுவிடவும் வேண்டாம். அதில் நம் மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும், அப்படியே பத்துப் பேருக்கு ஃபார்வர்டும் ஆகும். குரலில் பேசுவதென்றால் மறுநாள் பகலில், கால் பண்ணலாமா என்று ஒரு வரி கேட்டுவிட்டுப் பேசுங்கள். இருவரும் மாறி மாறிப் பேச முடியும் என்பதுதான் அதில் நன்மை.

நான் அனுப்பின பதிலுக்கு அந்த அக்கா என்ன சொன்னார் என்று சொல்லவில்லையே. "ஒம்போது மணிக்கா? அதுவரைக்கும் நான் தூங்காம உக்காந்திருக்கணுமா? உங்களுக்கு என்ன" என்றார். இதை எதிர்பார்த்துக்கொள்ளுங்கள். நல்ல பதில் போட்டால் உடனே அடங்கிவிடுவார்கள் என்று நினைத்தால், இந்த இரண்டாவது அலையில் நாம் உடைந்துபோய் "இவ்வளவு சொல்றேன் இன்னும் என்ன" என்று ஆரம்பித்துவிடுவோம். முதல் மெசேஜில் அவர் தயார் பண்ணி வைத்திருந்த கோபம் முழுவதும் தீர்ந்திருக்காது, மிச்சம் வரத்தான் செய்யும். நான் அதற்கு "8 மணிக்கே கடையைத் திறந்துடறேன் அக்கா, வாங்க" என்று மட்டும் போட்டேன். அதற்குப் பிறகும் இரண்டு மெசேஜ் வந்தது, இரண்டிலும் புதிதாக எதுவும் இல்லை, பதில் போடவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி, நேரமும் கொடுத்த பிறகு அமைதியாக இருப்பது அலட்சியம் ஆகாது. மெசேஜ் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து முதல் மெசேஜுக்குப் பதில் போடுவதையும் தவிர்ப்பேன். டைப்பிங் என்று காட்டுவது நின்று ஐந்து நிமிஷமாவது போகட்டும், அவர் எழுதி முடிக்கட்டும். கடைசி மெசேஜில்தான் பல நேரம் உண்மையான விஷயமே இருக்கும்.

காலை 8 மணிக்கு முன்னாலேயே வந்துவிட்டார், முகம் இறுக்கமாகத்தான் இருந்தது. கைக்குழியிலும் கையிலும் தையலைப் பிரித்து விட்டேன், ஆரி வேலை இல்லாத வெறும் துணி அக்குளுக்குக் கீழே ஒரு இஞ்ச் தெரிந்தது, கையைத் தூக்கினால்தான் தெரியும். போட்டுப் பார்த்தார், ஏறியது. அப்போதுதான் நான் சொன்னேன், ஆரிக்கு லூஸ் கூடுதலாக விட்டிருக்க வேண்டும், குறைத்துவிட்டேன் என்று. ராத்திரியில் எழுத்தில் சொல்லாத மன்னிப்பைத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னேன். பணம் பற்றித் திங்கட்கிழமை நானே போன் செய்து 500 ரூபாய் குறைத்துக்கொண்டேன். அவர் கேட்டது முழுப் பணம். நிச்சயத்துக்குப் போட்டுக்கொண்ட ப்ளவுஸுக்கு முழுப் பணம் திருப்பித் தர முடியாது என்பதையும் அன்றைக்குத் தெளிவாகச் சொன்னேன். கொஞ்சம் முணுமுணுத்தார், ஏற்றுக்கொண்டார். அதையே வெள்ளிக்கிழமை ராத்திரி "காசெல்லாம் திருப்பித் தர முடியாது" என்று ஒரு வரியில் எழுதியிருந்தால் அவர் சனிக்கிழமை கடைக்கே வந்திருக்க மாட்டார்.

இனி காத்திருப்பது. உங்களுக்கு நேற்று ராத்திரி வந்தது காத்திருக்க வேண்டிய மெசேஜ் என்றேன். ஆனால் எப்படிக் காத்திருந்தீர்கள்? அதைத் திறந்து திறந்து படித்தீர்களா, தங்கையிடம், பக்கத்து வீட்டில், ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக் காட்டினீர்களா? அப்படி என்றால் நேரம் போயிருக்குமே தவிர ஆறியிருக்காது. ப்ராட் புஷ்மன் என்ற ஆய்வாளர் 2002-இல் இதைச் சோதித்திருக்கிறார். கோபமூட்டப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் தங்களைக் கோபப்படுத்தியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள், இன்னொரு பகுதியினர் எதுவும் செய்யாமல் உட்கார்ந்திருந்தார்கள். நினைத்துக்கொண்டு குத்தினவர்களுக்குக் கோபம் கூடியது, சும்மா இருந்தவர்கள் அவர்களைவிட ஆறியிருந்தார்கள். கொட்டித் தீர்த்தால் போய்விடும் என்று நாம் நினைப்பது நடக்கவில்லை. அதனால் நான் அந்த சாட்டை ஆர்க்கைவில் போட்டுவிட்டு ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்துவிடுவேன், இல்லையென்றால் ஹூக் கட்டுவேன். கண்ணும் கையும் அதிலேயே இருக்க வேண்டிய வேலை எதுவானாலும் சரி.

ஆறிவிட்டோமா என்பதற்கு என்னிடம் ஒரு சோதனை இருக்கிறது. அவர் குறையை ஒரே வாக்கியத்தில் எழுதிப் பார்ப்பேன், அதை அவரிடம் காட்டினால் "ஆமா, அதான்" என்பாரா என்று கேட்டுக்கொள்வேன். "அந்தம்மா ரெண்டு நாள் லேட்டுக்கு ஊரையே கூட்டுது" என்று வந்தால் இன்னும் ஆறவில்லை. "புதன்கிழமை தரேன்னு சொல்லி வெள்ளிக்கிழமை கொடுத்ததால அவங்க வேற ப்ளவுஸ் போட்டுட்டுப் போக வேண்டியதாச்சு" என்று வந்தால் எழுதலாம். அப்புறம், எழுதின பதிலில் எத்தனை வாக்கியம் என்னைப் பற்றி இருக்கிறது என்றும் பார்ப்பேன். மெஷின் ரிப்பேர், பையனுக்குக் காய்ச்சல், கரண்ட் இல்லை, நூல்காரர் ஏமாற்றிவிட்டார், எல்லாம் உண்மையாகவே இருக்கும். அவர் கேட்டால் சொல்லலாம், அதுவும் ஒரு வரியில். கேட்காமலே ஐந்து வரி காரணம் எழுதினால் மன்னிப்பை அது விழுங்கிவிடும். மன்னிப்புக்குப் பின்னால் "ஆனா" என்று ஒரு வார்த்தை வந்தாலும் அதே கதிதான்.

காத்திருப்பதற்கு எல்லையும் உண்டு. ப்ளூ டிக் விழுந்துவிட்டால் அவர் நேரத்தை எண்ண ஆரம்பித்துவிடுவார். ராத்திரி வந்த மெசேஜுக்குப் பதில் இல்லையென்றால் தூங்கியிருப்பார்கள் என்று யாரும் புரிந்துகொள்வார்கள். காலை கடை திறக்கிற நேரம் தாண்டிவிட்டால் அந்தப் புரிதல் முடிந்தது. முழுப் பதில் தயாராகவில்லை என்றால் ஒரு வரி போதும்: "பார்த்தேன் அக்கா, நோட்டைப் பார்த்துட்டு மத்தியானம் 2 மணிக்குள்ள சொல்றேன்." இப்படி நேரம் சொன்னால் அந்த நேரத்தைத் தவறவே கூடாது, ஏற்கெனவே தேதி தவறியதற்காகத்தான் சண்டை. 2 மணிக்கு விஷயம் தெரியவில்லை என்றாலும் இன்னும் தெரியவில்லை என்றாவது 2 மணிக்குச் சொல்ல வேண்டும்.

குரூப்பில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி திட்டியிருந்தால் மட்டும் கொஞ்சம் மாறும். அங்கே ஒரே ஒரு பதில், "பார்த்தேன் அக்கா, உங்க நம்பருக்கு இப்பவே மெசேஜ் போடறேன்", அவ்வளவு. பிறகு குரூப்பில் யார் என்ன கேட்டாலும் விளக்கம் கொடுக்காமல் தனியாகப் பேசி முடியுங்கள். பார்க்கிற ஆட்கள் இருக்கும்போது யாராலும் இறங்கி வர முடியாது, அவராலும் முடியாது, உங்களாலும் முடியாது.

இதெல்லாம் வேலையைப் பற்றித் திட்டுகிறவர்களுக்கு. ஒழுக்கத்தைப் பற்றி அசிங்கமாக எழுதுவது, ஆபாசமாகப் பேசுவது, வீட்டுக்கு வந்து அடிப்பேன் என்பது, இவற்றுக்கு மேலே சொன்ன எந்தப் பொறுமையும் தேவையில்லை. பதில் போடாதீர்கள், தேதியும் நேரமும் நம்பரும் தெரிகிற மாதிரி ஸ்க்ரீன்ஷாட் எடுத்துவைத்துக்கொண்டு ப்ளாக் செய்யுங்கள், 181 என்ற பெண்கள் உதவி எண்ணில் பேசலாம், cybercrime.gov.in தளத்தில் புகாரும் கொடுக்கலாம். "ஏமாத்துக்காரி" என்பதை நான் அந்தக் கணக்கில் சேர்க்க மாட்டேன். வலிக்கிற வார்த்தைதான், ஆனால் தேதி தவறியவரைப் பார்த்துக் கோபத்தில் சொன்னது. அந்த வார்த்தைக்கு இப்போது பதில் சொல்லப் போனால் பேச்சு முழுவதும் அந்த வார்த்தையைப் பற்றியதாகிவிடும். மனசில் நிற்கிறது என்றால், எல்லாம் முடிந்து அடுத்த முறை அவர் துணி கொடுக்க வரும்போது, "அன்னைக்கு அந்த வார்த்தை எனக்குக் கஷ்டமா இருந்துச்சு அக்கா" என்று நேரில் சொல்லுங்கள். நான் இரண்டு முறை அப்படிச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேரும் வருத்தப்பட்டார்கள்.

இப்போது நீங்கள் எழுத வேண்டியது. நாள், தொகை எல்லாம் உங்கள் நோட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள், அவரை எப்போதும் எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படிக் கூப்பிடுங்கள்:

"அக்கா, ராத்திரி போட்ட மெசேஜ் எல்லாம் படிச்சேன். புதன்கிழமை தரேன்னு சொல்லிட்டு வெள்ளிக்கிழமை கொடுத்தது என் தப்பு. லேட் ஆகும்னு முன்னாடியே உங்களுக்குச் சொல்லாதது அதைவிடப் பெரிய தப்பு, மன்னிச்சிடுங்க. தையல் கூலியில 200 ரூபா குறைச்சுக்கறேன், இன்னைக்கே அனுப்பிடறேன். ப்ளவுஸ்ல வேற ஏதாவது சரி பண்ணணும்னா கொண்டு வாங்க, பண்ணித் தரேன். பேசணும்னா சாயங்காலம் 4 மணிக்கு மேல எப்ப வேணா கூப்பிடுங்க."

உங்கள் விஷயத்தில் மன்னிப்பை எழுத்திலேயே கேட்கலாம் என்று சொல்கிறேன், ஏனென்றால் தப்பு யாருடையது என்று உங்களுக்கே தெரியும், எதையும் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பணம் குறைப்பதும் குறைக்காததும் உங்கள் இஷ்டம், குறைப்பதாக எழுதினால் அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அனுப்பிய பிறகு அவரிடமிருந்து இன்னும் ஒரு சூடான மெசேஜ் வந்தால் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு 4 மணி வரை வேலையைப் பாருங்கள். அவர் கூப்பிட்டால் எடுத்து, முதல் இரண்டு நிமிஷம் அவரைப் பேச விடுங்கள்.